மூன்று தடவை கலைந்த பிறகு: எந்த டெஸ்ட் வேண்டும், எது வேண்டாம்

"டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 29 வயது, அவருக்கு 34. அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன், தேவகோட்டைப் பக்கம் ஊர். நாலரை வருடத்தில் மூன்று தடவை கலைந்துவிட்டது. முதல் தடவை பை மட்டும்தான் இருக்கிறது, குழந்தை வளரவில்லை என்றார்கள். அடுத்தது துடிப்பு வந்து நின்றுபோனது. மூன்றாவது 11 வாரத்தில், இரண்டு மாதத்துக்கு முன்னால் சுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு எடுத்த டெஸ்ட்டுக்கே 18,000 ரூபாய் ஆகிவிட்டது. டார்ச்சில் கிருமி இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். ஏ.சி.ஏ. 18 இருக்கிறது, ரத்தம் உறைகிறது, அடுத்த தடவை தினமும் ஊசி போடணும் என்கிறார்கள். ஜீன் டெஸ்ட்டிலும் ஏதோ இருக்கிறதாம். இப்போது இன்னொரு லிஸ்ட் கொடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். அவருக்கு டெஸ்ட் எதுவும் வேண்டாம் என்று அத்தை சொல்கிறார். சொந்தத்தில் கட்டியதுதான் காரணமா? எந்த டெஸ்ட் உண்மையிலேயே தேவை?"

நீங்கள் அனுப்பிய 31 போட்டோவையும் பார்த்தேன். ரத்த ரிப்போர்ட்டுகளை அப்புறம் பார்க்கலாம், முதலில் யாருமே திரும்பிப் பார்க்காத மூன்று ஸ்கேன் தாள்களை எடுத்துக்கொள்வோம்.

முதல் ஸ்கேனில் கர்ப்பப் பை 26 மில்லிமீட்டர், உள்ளே கரு தெரியவில்லை. இரண்டாவதில் ஆறரை வாரத்தில் துடிப்பு பார்த்திருக்கிறார்கள், ஒன்பதாவது வாரம் போனபோது துடிப்பு இல்லை, கருவின் நீளம் 15 மில்லிமீட்டர். மூன்றாவதில் தேதிக் கணக்குப்படி 11 வாரம் 2 நாள், ஆனால் கருவின் நீளம் 17 மில்லிமீட்டர்தான். 17 மில்லிமீட்டர் என்றால் எட்டு வாரத்துக் கரு. அதாவது மூன்றாவது கர்ப்பம் 11 வாரத்தில் கலையவில்லை. எட்டாவது வாரத்திலேயே வளர்ச்சி நின்றுவிட்டது, உடம்புக்கு அது தெரிய மூன்று வாரம் ஆனது. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் எந்தக் காரணத்தைத் தேடுவது என்பதையே இது மாற்றிவிடும். 16, 18 வாரத்தில் வலியே இல்லாமல் பனிக்குடம் இறங்கி வந்தால் கர்ப்பப்பை வாய் பலவீனத்தைத்தான் முதலில் நினைப்போம். பத்து வாரம் தாண்டி, நன்றாக வளர்ந்து துடித்துக்கொண்டிருந்த கரு நின்றுபோனால் ரத்தம் உறையும் கோளாறின் மேல் சந்தேகம் கூடும். உங்களுக்கு மூன்றுமே ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் நின்றவை. அந்தக் கட்டத்தில் நிற்கும் கர்ப்பங்களில் பாதிக்கு மேல் கருவிலேயே குரோமோசோம் எண்ணிக்கை தவறி உருவானவை. அப்படி உருவானது உங்கள் நடையாலோ, சாப்பாட்டாலோ, உங்கள் வீட்டு முகப்புப் படியை நாலு தடவை ஏறி இறங்கியதாலோ அல்ல. (அந்தப் படிக்கதை உங்கள் கடிதத்தின் ஓரத்தில் இருந்தது. படி ஏறியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அத்தையிடம் என் பெயரைச் சொல்லியே சொல்லலாம்.)

இப்போது டார்ச். நம் பக்கம் கரு கலைந்ததும் முதலில் எழுதப்படும் டெஸ்ட் இதுதான், எனக்கு நிஜமாகவே எரிச்சல் வருகிற டெஸ்ட்டும் இதுதான். டாக்சோபிளாஸ்மா, ரூபெல்லா, சைட்டோமெகலோ, ஹெர்பிஸ் என்று நாலைந்து கிருமிகளுக்கு எதிராக உங்கள் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது. உங்கள் ரிப்போர்ட்டில் ரூபெல்லா ஐஜிஜி, சைட்டோமெகலோ ஐஜிஜி இரண்டும் பாசிட்டிவ், ஐஜிஎம் எல்லாமே நெகட்டிவ். ஐஜிஎம் புதுத் தொற்றின் அடையாளம், ஐஜிஜி என்பது பழைய தழும்பு. எப்போதோ அந்தக் கிருமி வந்துபோனது, அல்லது தடுப்பூசி போட்டீர்கள், உடம்பு அதை ஞாபகம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ரூபெல்லா ஐஜிஜி பாசிட்டிவாக இருப்பது நல்ல செய்தி, அது இல்லாவிட்டால்தான் கர்ப்பத்துக்கு முன் தடுப்பூசி போடச் சொல்லியிருப்பேன். சைட்டோமெகலோ ஐஜிஜி நம் ஊரில் பெரும்பாலான பெரியவர்களுக்கு பாசிட்டிவாகத்தான் இருக்கும், எனக்கும் இருக்கும், உங்கள் அத்தைக்கும் இருக்கும். இந்தக் கிருமிகளில் ஒன்று கர்ப்ப காலத்தில் முதல் தடவையாகத் தொற்றினால் அந்த ஒரு கர்ப்பத்துக்குக் கெடுதல் வரலாம், உண்மைதான். ஆனால் ஒரு தடவை வந்தபின் எதிர்ப்பு உண்டாகிவிடுவதால் மூன்று கர்ப்பங்களை வரிசையாகக் கலைக்க அதால் முடியாது. அதனால்தான் திரும்பத் திரும்பக் கலைபவர்களுக்கு இந்த டெஸ்ட் எழுத வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. நீங்கள் இருவரும் சாப்பிட்ட மூன்று வார மாத்திரை எதையும் கெடுத்திருக்காது, எதையும் சரி செய்திருக்கவும் செய்யாது. புது லிஸ்ட்டில் 'டார்ச் ரிபீட்' என்று இருக்கிறதே, அதை அடித்துவிடுங்கள்.

ஜீன் டெஸ்ட் என்று நீங்கள் சொல்வது எம்டிஹெச்எஃப்ஆர், ஃபோலிக் அமிலத்தை உடம்பு பயன்படுத்திக்கொள்ள உதவும் ஜீன். அதில் ஒரு பிரதி மாறியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். குழந்தை குட்டிகளோடு நன்றாக இருக்கிற ஏராளமானவர்களுக்கும் இந்த மாற்றம் உண்டு, இதை வைத்து சிகிச்சை முடிவு எதுவும் எடுக்க முடியாது. ஃபோலிக் அமிலம் எல்லோருக்கும் போல உங்களுக்கும் தேவை, அவ்வளவே. பரம்பரையாக ரத்தம் உறையும் மற்ற ஜீன் கோளாறுகளுக்கும் இதே கதைதான். அப்படிப்பட்ட கோளாறு இருந்து திரும்பத் திரும்பக் கலைந்த பெண்களுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசி போட்டால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறதா என்று அலைஃப்-2 என்ற ஆய்வில் பார்த்தார்கள், 2023இல் முடிவு வந்தது, கூடவில்லை.

சரி, ஏ.சி.ஏ. 18. இதில்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் ஃபைலில் உண்மையிலேயே முக்கியமான தாள் இதுதான், ஆனால் அது அரைகுறையாக நிற்கிறது.

ஆன்ட்டிபாஸ்போலிப்பிட் கோளாறு என்று ஒன்று உண்டு. உடம்பு தன் செல்களின் கொழுப்புச் சுவரோடு சேர்ந்த புரதங்களுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது, அது நஞ்சுக்கொடி உருவாவதைக் கெடுக்கிறது, ரத்தத்தையும் உறைய வைக்கிறது. திரும்பத் திரும்பக் கலையும் காரணங்களில் கண்டுபிடித்தால் சிகிச்சையால் நிஜமாகவே பலன் கிடைக்கும் காரணம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். 1997இல் லண்டனில் இந்தக் கோளாறு உள்ள 90 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஆஸ்பிரின் மட்டும் சாப்பிட்டவர்களில் 42 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, ஆஸ்பிரினோடு ஹெபாரினும் போட்டவர்களில் 71 சதவீதம் பேருக்குப் பிறந்தது. அதனால்தான் டாக்டர்கள் இதைத் தேடுகிறார்கள். தேடுவது சரி, தேடிய விதம்தான் சரியில்லை.

இந்தக் கோளாறுக்கு மூன்று டெஸ்ட் உண்டு: கார்டியோலிப்பின் எதிர்ப்பொருள் (அதுதான் உங்கள் ஏ.சி.ஏ.), பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் எதிர்ப்பொருள், அப்புறம் லூபஸ் ஆன்ட்டிகோயாகுலன்ட். பெயரைப் பார்த்து லூபஸ் நோய் வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், அது பழைய பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது. மூன்றில் கர்ப்பத்தோடு அதிகம் சம்பந்தப்பட்டது இந்தக் கடைசி டெஸ்ட்தான், உங்கள் ஃபைலில் இல்லாததும் இதுதான். உங்களுக்கு ஏ.சி.ஏ. மட்டும் எடுத்திருக்கிறார்கள், அதிலும் ஐஜிஎம் 18. லேப் தாளில் 12க்கு மேல் இருந்தால் தடித்த எழுத்தில் அச்சாகிவிடும், அதனால் பார்க்க பயமாக இருக்கும். ஆனால் இந்தக் கோளாறு என்று முடிவு செய்ய அந்த எண் 40க்கு மேல் இருக்க வேண்டும், அல்லது அந்த லேப்பில் ஆரோக்கியமானவர்கள் நூறு பேரில் 99 பேருக்கு இருக்கும் அளவைத் தாண்டியிருக்க வேண்டும். அது மட்டும் போதாது, 12 வாரம் கழித்து இன்னொரு தடவை எடுத்தாலும் அதே மாதிரி இருக்க வேண்டும். ஒரு காய்ச்சல், ஒரு தொற்று வந்துபோனால்கூட இந்த எதிர்ப்பொருள் கொஞ்ச நாள் தலைகாட்டிவிட்டுப் போகும் என்பதால்தான் 12 வாரம் என்ற இந்தக் கண்டிப்பு. உங்கள் ரத்தம் எடுத்த தேதியைப் பாருங்கள், சுத்தம் செய்து ஒன்பதாவது நாள். அந்த நேரத்து எண்ணை வைத்து அடுத்த கர்ப்பம் முழுக்க வயிற்றில் தினமும் ஊசி குத்திக்கொள்வதா இல்லையா என்று முடிவெடுக்கக் கூடாது.

அதனால் முதல் டெஸ்ட் எடுத்த தேதியிலிருந்து 12 வாரம் எண்ணுங்கள், இன்னும் ஒரு மாதம் போல வரும். அன்றைக்கு மூன்று டெஸ்ட்டையும் ஒன்றாக எடுக்க வேண்டும். அதற்குள் நாள் தள்ளிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கர்ப்பமாக இருக்கும்போது லூபஸ் டெஸ்ட்டின் முடிவு குழம்பும், ஹெபாரின் ஆரம்பித்துவிட்டால் இன்னும் குழம்பும். அப்புறம் ஒரு நடைமுறை விஷயம். இந்த லூபஸ் டெஸ்ட்டுக்கு நீல மூடி டியூபில் ரத்தம் எடுப்பார்கள். எடுத்த சில மணி நேரத்துக்குள் அதை மெஷினில் இரண்டு தடவை சுற்றி, தட்டணுக்களைப் பிரித்து, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுத்து உறையவைத்து அனுப்ப வேண்டும். அப்படிச் செய்யாமல் ரத்தத்தை முழுசாகவே ராத்திரி பஸ்ஸில் சென்னைக்கு அனுப்பினால், தட்டணுக்கள் உடைந்து, இருக்கிற கோளாறைக்கூட இல்லை என்று காட்டிவிடும். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ரத்தம் கொடுக்கும் முன், "இங்கேயே சுற்றிப் பிரித்து உறைய வைத்து அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முழித்தால் மதுரைக்குப் போய் டெஸ்ட் நடக்கிற இடத்திலேயே கொடுத்துவிடுங்கள், பஸ் செலவு வீணாகாது.

மூன்றில் ஏதாவது ஒன்று 12 வார இடைவெளியில் இரண்டு தடவை பாசிட்டிவ் வந்தால் ஊசி வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. குழந்தைக்கு முயற்சி செய்யும்போதே குறைந்த அளவு ஆஸ்பிரின், கர்ப்பம் உறுதியானதும் ஹெபாரின், இதுதான் வழக்கம், உங்கள் டாக்டர் பார்த்துக்கொள்வார். மூன்றும் நெகட்டிவ் வந்தால் ஊசியை விட்டுவிடலாம். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று போடும் ஹெபாரின் கோளாறே இல்லாதவருக்கு ஒன்றும் செய்வதில்லை, தொப்புளைச் சுற்றி நீலத் தழும்பும் மாதாமாதம் பெரிய பில்லும்தான் மிச்சம்.

அடுத்தது உங்கள் வீட்டில் சண்டையாகியிருக்கும் விஷயம், அவருக்கு எடுக்க வேண்டிய டெஸ்ட். இருவருக்கும் கேரியோடைப், அதாவது குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் உருவத்தையும் பார்க்கும் டெஸ்ட், எடுக்க வேண்டும் என்பதுதான் என் பதில். ஏன் என்று ஒரு வீட்டுக் கதை வழியாகவே சொல்கிறேன், ஊரும் பேரும் மாற்றாமல் சொல்ல முடியாது, அதனால் இரண்டையும் விட்டுவிடுகிறேன்.

அந்தப் பெண்ணுக்கு அப்போது 31 வயது. கணவர் சிங்கப்பூரில் வேலை, வருடத்துக்கு இரண்டு தடவை 40 நாள் லீவில் வருவார். இரண்டு தடவை எட்டு ஒன்பது வாரத்தில் கலைந்து மூன்றாவதோடு என்னிடம் வந்தார்கள், அதுவும் ஒன்பதாவது வாரம் நின்றுவிட்டது. சுத்தம் செய்யும்போது கருத்திசுவை குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லியிருந்தேன். தியேட்டரில் எல்லாம் முடிந்து வெளியே வந்து பார்த்தால், வழக்கம்போல ஃபார்மலினில் போட்டு பயாப்சிக்குக் கட்டி வைத்திருந்தார்கள். ஃபார்மலினில் போட்டால் செல் செத்துவிடும், வளர்த்துப் பார்க்கும் கேரியோடைப் அதோடு முடிந்தது. தப்பு என்னுடையது, சொன்னேனே தவிர நின்று பார்க்கவில்லை. நாலாவது கர்ப்பமும் கலைந்தபோது ஸ்டெரைல் சலைன் இருந்த பாட்டிலில் நானே போட்டு, அந்தப் பெண்ணின் ரத்தத்தையும் கூடவே அனுப்பினேன். கூடவே ரத்தம் எதற்கு என்றால், சுரண்டி எடுக்கும்போது தாயின் திசுவும் கலந்துவிடும். அப்போது லேப் தாயின் குரோமோசோமைப் பார்த்துவிட்டு 'சாதாரணப் பெண் கரு' என்று எழுதி அனுப்பிவிடும் ஆபத்து உண்டு, ஒப்பிட்டுப் பார்க்கத்தான் ரத்தம்.

ரிப்போர்ட் வந்தபோது கருவில் 3ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு கூடுதலாகவும் 10ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு குறைவாகவும் இருந்தது. சாதாரணமாக ஒரு முழுக் குரோமோசோம் கூடியிருந்தால் அது அந்த ஒரு முட்டையின் விபத்து, அதோடு விட்டுவிடலாம். ஒரு துண்டு கூடி இன்னொரு துண்டு குறைந்திருந்தால் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். இருவருக்கும் கேரியோடைப் எடுத்தோம். பெண்ணுடையது சாதாரணம். அவருடைய தாளில் இப்படி இருந்தது: 46,XY,t(3;10)(q21;q24). அதாவது 3ஆம் குரோமோசோமின் நுனித் துண்டும் 10ஆம் குரோமோசோமின் நுனித் துண்டும் இடம் மாறி ஒட்டியிருந்தன.

நம் ஊர் ஆட்களுக்கு இதைப் பேரேட்டை வைத்துச் சொன்னால் உடனே புரிகிறது. இரண்டு பேரேடுகளைப் பைண்டு செய்யும்போது இதன் கடைசி நாற்பது தாள் அதிலும், அதன் கடைசி முப்பது தாள் இதிலும் மாறி ஒட்டப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரேடும் ஒரே பெட்டியில் இருக்கும்வரை ஒரு கணக்கும் தொலையவில்லை. அதனால்தான் அந்த மனிதர் ஆறடி உயரத்தில் ஆரோக்கியமாக இருந்தார், விந்து டெஸ்ட்டும் நன்றாகவே இருந்தது. பிள்ளைக்குக் கொடுக்கும்போதுதான் சிக்கல். மாறி ஒட்டிய பேரேடு ஒன்றும், இன்னொரு பெட்டியிலிருந்து சரியான பேரேடு ஒன்றும் போனால் சில கணக்கு இரண்டு தடவை இருக்கும், சில கணக்கு இருக்கவே இருக்காது. அந்தக் கரு பெரும்பாலும் ஏழெட்டு வாரத்தைத் தாண்டாது. மாறி ஒட்டிய இரண்டும் சேர்ந்தே போனாலோ, சரியான இரண்டும் போனாலோ குழந்தைக்கு ஒன்றும் இல்லை. எந்தக் கர்ப்பத்தில் எது போகும் என்பது சீட்டுக் குலுக்கல்தான்.

அந்த ரிப்போர்ட்டைக் கொடுத்த அன்று அவருடைய அம்மா என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். அதுவரை மருமகளைத்தான் நாலு கோயிலுக்கு நடக்க வைத்திருந்தார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை, வெளியே போகும்போது அந்தப் பெண்ணின் ஃபைலைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு கர்ப்பம் ஏழு வாரத்தில் போனது, காரணம் தெரிந்திருந்ததால் அந்தத் தடவை யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அடுத்தது தங்கியது. 12ஆவது வாரம் நஞ்சுக்கொடியிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்தோம், அப்பாவைப் போலவே மாறி ஒட்டிய இரண்டும் சேர்ந்து வந்த பெண் குரோமோசோம் கணக்கு. பரிசோதனையில் ஆணா பெண்ணா என்று நம் நாட்டுச் சட்டப்படி சொல்லக் கூடாது, பிறந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரியும். இப்போது அவள் எல்.கே.ஜி. போகிறாள்.

இப்படி மாறி ஒட்டியது திரும்பத் திரும்பக் கலையும் தம்பதிகளில் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பேரிடம்தான் இருக்கும். அப்படியானால் 95க்கு மேல் ஒன்றுமே வராத டெஸ்ட்டை ஏன் எடுக்கச் சொல்கிறேன்? உங்கள் மூன்று கருவில் ஒன்றின் திசுவுக்காவது குரோமோசோம் பரிசோதனை செய்திருந்தால் இதைத் தள்ளிப்போட்டிருப்பேன். செய்யவில்லை. உங்களிடம் இருக்கும் பயாப்சி ரிப்போர்ட், கர்ப்பத் திசுதான், முத்துப்பிள்ளைக் கர்ப்பம் இல்லை என்பதை மட்டும்தான் சொல்கிறது, காரணத்தை அது சொல்லாது. அதனால்தான் ரத்தத்தின் வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. பச்சை மூடி டியூபில் ஆளுக்குக் கொஞ்சம் ரத்தம், வாழ்நாளில் ஒரே தடவை போதும். இதை உறைய வைக்கக் கூடாது, ஐஸில் புதைக்கவும் கூடாது, செல் உயிரோடு போய்ச் சேர வேண்டும். (மேலே சொன்ன லூபஸ் டெஸ்ட்டுக்கு இது நேர் எதிர், கலெக்‌ஷன் சென்டரில் இரண்டையும் மாற்றிச் செய்ததை நானே பார்த்திருக்கிறேன்.) லேப்பில் செல்லை மூன்று நாள் வளர்த்துப் பார்ப்பார்கள், தாள் வர இரண்டு மூன்று வாரம் ஆகும். ஒருவேளை உங்களில் ஒருவருக்கு அப்படி இருந்தாலும் கதவு மூடிவிடாது. 2006இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் இப்படிப்பட்ட தம்பதிகளைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள், 83 சதவீதம் பேருக்கு ஒரு ஆரோக்கியமான குழந்தையாவது பிறந்திருந்தது.

அத்தை மகனைக் கட்டியதா காரணம் என்று கேட்டீர்கள். நம் பக்கம் இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான், அதனால் நேராகவே சொல்கிறேன். நெருங்கிய சொந்தத்தில் கட்டும்போது கூடுவது வேறு ஆபத்து. இரண்டு பேருக்கும் பொதுவான தாத்தா பாட்டியிடமிருந்து ஒரே குறையுள்ள ஜீன் இரண்டு பக்கமிருந்தும் வந்து குழந்தைக்குப் பரம்பரை நோயாக வெளிப்படுவது. காது கேளாமை, சில ரத்த நோய்கள், சில வளர்சிதை மாற்றக் கோளாறுகள் அப்படி வருபவை. ஆறேழு வாரத்திலேயே கரு நின்றுபோவதற்கும் சொந்தத்தில் கட்டியதற்கும் பெரிய தொடர்பு காணப்படவில்லை. கேரியோடைப் இந்த வகை ஜீன் குறையைக் காட்டாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அது குரோமோசோமின் உருவத்தை மட்டும் பார்ப்பது. இரண்டு குடும்பத்திலும் சிறு வயதில் இறந்த குழந்தைகள், வளர்ச்சி குன்றியவர்கள் யாராவது இருந்தால் அதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள், அது வேறு பாதை.

கர்ப்பப்பையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாதாரண ஸ்கேன் நன்றாக இருக்கிறது, ஒரு தடவை 3டி ஸ்கேன் மட்டும் எடுத்துவிடுங்கள், நடுவில் தடுப்புச் சுவர் இருக்கிறதா என்று அது காட்டும். சுவர் இருக்கிறது என்று வந்தாலும் மறுநாளே ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிடாதீர்கள். சுவரை வெட்டினால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறதா என்று பார்த்த ஆய்வு 2021இல் வந்தது, கூடியதாகத் தெரியவில்லை. அது சிறிய ஆய்வு, ஒவ்வொருவருக்கும் தனியாக யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தைராய்டு 3.1, அது போதும், திரும்ப எடுக்க வேண்டாம். சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரி டெஸ்ட் ஃபைலில் இல்லை, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், நம் குடும்பங்களில் 30 வயதுக்கு முன்னாலேயே எட்டிப் பார்க்கிறது. புது லிஸ்ட்டில் இருக்கும், நோய் எதிர்ப்பு செல்களில் ஒரு வகையைப் பார்க்கும் என்.கே. செல் டெஸ்ட்டும், கணவரின் வெள்ளணுவை எடுத்து உங்களுக்கு ஊசியாகப் போடும் சிகிச்சையும் வேண்டாம். இரண்டாவதற்குப் பலன் நிரூபிக்கப்படவில்லை, அடுத்தவர் ரத்தம் உடம்பில் ஏறுவதால் வரும் ஆபத்துகள் மட்டும் உண்டு.

இவ்வளவும் எடுத்து எல்லாம் நார்மல் என்று வந்தால்? வரலாம், பாதிப் பேருக்கு அப்படித்தான் வருகிறது. 'காரணம் தெரியவில்லை' என்று ஃபைலில் எழுதினால் அழுதுகொண்டே போகிறார்கள், ஆனால் டாக்டர்களாகிய நாங்கள் அந்தத் தாளைப் பார்த்து உள்ளுக்குள் நிம்மதி அடைகிறோம். ஏனென்றால் உங்கள் வயதில் எந்தக் காரணமும் தென்படாத பெண்களுக்கு அடுத்த கர்ப்பம் தங்குவதுதான் அதிகம், நாலில் மூன்று என்கிற அளவில். அந்த மூன்றும் கருவிலேயே வந்த குரோமோசோம் தவறாக இருந்திருக்கலாம், துரதிர்ஷ்டம் மூன்று தடவை ஒரே வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். அதற்காக புரோஜெஸ்டிரானை முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்தார்கள், 836 பெண்களை வைத்து நடந்த ஆய்வு, 2015இல் வந்தது. கொடுத்தவர்களுக்கு 65.8 சதவீதம் குழந்தை, வெறும் மாத்திரை கொடுத்தவர்களுக்கு 63.3, வித்தியாசம் என்று சொல்லவே முடியாது. ஆனால் முன்னால் மூன்று தடவை கலைந்தவருக்கு இந்தத் தடவை ஆரம்பத்தில் ரத்தக் கசிவு வந்தால் கதை வேறு. அவர்களுக்கு புரோஜெஸ்டிரான் கொடுத்தபோது 72 சதவீதம், கொடுக்காதபோது 57 என்று 2019இல் இன்னொரு ஆய்வு காட்டியது. அதனால் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் 'பார்க்கலாம்' என்று வீட்டில் படுத்துவிடாமல் அன்றைக்கே உங்கள் டாக்டரிடம் போங்கள்.

ஒரே ஒரு வேண்டாத விஷயத்தையும் எழுதிவிட்டு முடிக்கிறேன். அடுத்த கர்ப்பம் ஒருவேளை நிற்க நேர்ந்தால், சுத்தம் செய்யும் முன்பே "திசு சலைனில் போகட்டும், ஃபார்மலினில் வேண்டாம், குரோமோசோம் பரிசோதனைக்கு" என்று கேஸ் ஷீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள், உங்கள் ரத்தத்தையும் கூட அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் கணவர் அன்றைக்கு தியேட்டர் வாசலில் நின்று பாட்டிலைப் பார்த்து வாங்கட்டும்.